என் சரக்கைக் குறைத்தவர்

எங்கள் கடையின் கடிதங்களை எல்லாம் என் மனைவிதான் எழுதுவாள். வங்கிக்கு, வரி அலுவலகத்துக்கு, கேட்ட நிறம் ஒன்றும் அனுப்பிய நிறம் ஒன்றுமாக இருந்தால் சூரத்து வியாபாரிக்கு, எல்லாவற்றுக்கும் அவள்தான். நான் பேசிப் பிழைக்கிறவன். ஒரு சேலை வாங்க வந்தவர்களை மூன்று வாங்க வைத்து அனுப்பிவிடுவேன். ஆனால் வெள்ளைத் தாளை எதிரில் வைத்தால் 'ஐயா' என்ற சொல்லைத் தாண்டி எனக்கு ஒன்றும் வராது.

ஸ்ரீரங்கத்தில் ஜவுளிக் கடை. பெரிய கடை என்று சொல்ல முடியாது, சின்னக் கடை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்த வருஷம் தீபாவளிக்குக் கொஞ்சம் துணிந்து சரக்கு எடுத்திருந்தேன். கடையில் அடுக்க இடமில்லாமல் அரியமங்கலத்தில் ஒரு பட்டறைக்குப் பக்கத்தில் குடோன் வாடகைக்குப் பிடித்தோம். ஈரோட்டிலிருந்தும் சூரத்திலிருந்தும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள்தான் கேட்டாள்.

"என்னங்க, நம்ம இன்சூரன்ஸ் நாப்பது லட்சத்துக்குத்தானே இருக்கு? இவ்வளவு சரக்கு எடுத்திருக்கோமே, ஏத்த வேணாமா?"

எனக்கும் சரி என்றுதான் பட்டது. "எழுது. இன்னொரு ஐம்பது லட்சம் ஏத்தித் தரச் சொல்லி எழுது" என்றேன். அந்த ஐம்பது லட்சம் என்பதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும். சாதம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

ஒரு பக்கத்தில் எழுதி முடித்துவிட்டாள். பண்டிகைக் காலத்துக்காகக் கூடுதல் சரக்கு வாங்கியிருக்கிறோம், நடப்பிலுள்ள பாலிசியில் சரக்குக்கான காப்பீட்டுத் தொகையைத் தொண்ணூறு லட்சமாக உயர்த்தித் தரவும், அதற்குரிய கூடுதல் பிரீமியத்தைத் தெரிவித்தால் கட்டிவிடுகிறோம், சரக்கின் மேல் கடன் கொடுத்திருக்கும் வங்கிக்கும் நகல் அனுப்பப்படுகிறது. அவ்வளவுதான். இருவரும் கையெழுத்துப் போட்டோம். கடை இருவர் பேரிலும் இருக்கிறது.

கன்டோன்மென்ட் பக்கம் இருந்த இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். வழக்கமாக எங்களைப் பார்க்கிற அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். அவர் நாற்காலியில் புதிதாக ஒருவர். என் வயதுதான் இருக்கும், ஆனால் தலைமுடி அப்படியே இருந்தது. சட்டை இஸ்திரி கலையாமல் இருந்தது. கடிதத்தை வாங்கி ஒரு தடவை படித்தார், மறுபடியும் படித்தார்.

"இதை எழுதினது யாரு சார்?"

"நான்தான்" என்றாள் என் மனைவி.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க மேடம். பாதிப் பேரு என்ன வேணும்னே எழுத மாட்டாங்க." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்தவர் கண்ணை எடுக்கவில்லை. "மேடம், தப்பா நினைக்காதீங்க, நீங்க வையம்பட்டிதானே? உங்க அப்பா தக்காளி போட்டிருந்தாரே, ரோட்டை ஒட்டி?"

என் மனைவி சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு இல்லை, பல் தெரிகிற சிரிப்பு. "நானும் அப்பவே நினைச்சேன். நீங்க எங்க வீட்டுக்கு வந்திருக்கீங்க" என்றாள்.

அப்பா நன்றாக இருக்கிறாரா என்று அவர் கேட்டார். இருக்கிறார், இப்போது தக்காளி போடுவதில்லை என்று அவள் சொன்னாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது, நான் கேட்பதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள். "அவர்தாங்க. உங்களுக்கு முன்னாடி என்னைப் பொண்ணு பாக்க வந்தவர்."

எனக்கு அவரை முன்பே தெரியும். பார்த்ததில்லை, தெரியும். கல்யாணமான புதிதிலிருந்தே மாமியார் வீட்டில் 'இன்சூரன்ஸ் மாப்பிள்ளை' என்று ஒரு பேச்சு அடிபடும். ஜாதகம் பொருந்தியது, பையன் பிடித்திருந்தது, பெண்ணும் சரி என்று சொல்லியிருந்தாள். அதற்குள் அவருக்கு வடக்கே எங்கோ வேலை மாற்றல் வந்துவிட்டது. அவ்வளவு தூரம் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்று மாமனார் நிறுத்திவிட்டார். யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்தல். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும்.

காவிரிப் பாலத்தில் வண்டி ஓட்டிக்கொண்டே, "முடி டை அடிக்கிறாருன்னு நினைக்கிறேன்" என்றேன். காற்றில் அவளுக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன்.

மறுநாள் போன் வந்தது, அவள் போனுக்கு. கடிதத்தில் அவள் நம்பர்தான் எழுதியிருந்தது. அது எப்போதும் அப்படித்தான், வங்கிக்கும் அவள் நம்பர்தான். ஆனால் அன்றுதான் முதல் முறையாக அது எனக்குக் கண்ணில் பட்டது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், சரக்கு எல்லாம் கடையிலயேவா இருக்கு?"

"இல்லைங்க, புதுசா வந்தது அரியமங்கலம் குடோன்ல இருக்கு."

"அப்போ லெட்டரை மாத்தணும். உங்க பாலிசில கடை அட்ரஸ் மட்டும்தான் இருக்கு. தொகையை எவ்வளவு ஏத்தினாலும் குடோன் சரக்குக்கு அது வராது. குடோன் அட்ரஸ் போட்டு, அதுக்குத் தனியா எவ்வளவுன்னு எழுதித் தாங்க. நான் ஒரு தடவை வந்து பாத்துடறேன். அப்புறம்தான் போட முடியும்."

அவர் சொன்னது நியாயம் என்று எனக்கே தெரிந்தது. இருந்தாலும் 'நான் வந்து பாத்துடறேன்' என்ற மூன்று சொற்கள்தான் என் காதில் நின்றன. யாரைப் பார்க்க வருகிறார்?

குடோனைப் பார்க்க வந்த அன்று என் மனைவி மாம்பழ நிறத்தில் ஒரு காட்டன் சேலை கட்டியிருந்தாள். கடைக்குத் தினமும் கட்டுகிற மாதிரிச் சேலைதான். அதை அவளிடமே கேட்டேன். "இன்னிக்கு என்ன விசேஷம்?"

"எதுக்கு?"

"சேலை."

"இது போன வாரமும் கட்டினேங்க. நீங்கதான் மடிப்புச் சரியில்லன்னு சொன்னீங்க."

எனக்கு ஞாபகம் இல்லை.

அவர் தனியாகத்தான் வந்தார். பட்டறைச் சத்தத்தில் எல்லோரும் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருந்தது. மெயின் சுவிட்ச், வயரிங், கதவு, ஜன்னல் எல்லாம் பார்த்தார், போனில் படம் எடுத்துக்கொண்டார். பக்கத்துப் பட்டறையில் என்ன வேலை நடக்கிறது, வெல்டிங் உண்டா என்று விசாரித்தார். தரையைக் காலால் தட்டிப் பார்த்து, "ரோட்டை விட இறக்கமா இருக்கே. பெட்டியெல்லாம் தரையிலயே வச்சிருக்கீங்க. கீழ மரப்பலகை போட்டு அதுமேல அடுக்கிடுங்க" என்றார்.

"எங்களுக்கு வருஷக் கணக்கா வியாபாரம் சார்" என்றேன் நான்.

"அதுக்கில்ல சார். ஐப்பசி மழை வருமே."

பிறகு மேசையில் உட்கார்ந்து கணக்கைப் பார்த்தார். குடோனில் ஐம்பது லட்சம் சரக்கு என்று நான் சொல்லியிருந்தேன். பில்களையும் வங்கிக்குக் கொடுத்த சரக்குக் கணக்கையும் எடுத்து வைத்து, போனிலேயே கூட்டிப் பார்த்தார்.

"சார், இந்த ஐம்பது எந்த விலைக்கு?"

"விக்கிற விலைக்குத்தான். டேக்ல என்ன இருக்கோ அது."

"அப்படிப் போடக்கூடாது சார். உங்களுக்கு அடக்கம் எவ்வளவோ அதுதான் கணக்கு. சரக்கு போச்சுன்னா, வாங்கின விலைக்குத்தான் குடுப்போம். நீங்க சம்பாதிக்க இருந்த லாபத்துக்கு இல்ல. பில்லுபடி முப்பத்தஞ்சு வருது. இன்னும் வர வேண்டிய பெட்டியையும் சேத்து நாப்பதுன்னு போடலாம்."

"எனக்கு ஐம்பதே போடுங்க."

"கூடப் போட்டா பிரீமியம்தான் கூடும். கிளெய்ம் கூடாது. குறைச்சுப் போட்டாத்தான் கஷ்டம். பாதிக்குத்தான் இன்சூர் பண்ணியிருந்தீங்கன்னா நஷ்டத்துலயும் பாதிதான் வரும். ரெண்டும் வேணாம், சரியாப் போடுவோம்."

என் மனைவி என்னைப் பார்க்காமல், "நாப்பதே போட்டுருங்க" என்றாள்.

வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னிடம் பேரம் பேசிக் குறைத்திருக்கிறார்கள். யார் மேலும் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. ஆனால் என் சரக்கை, என் மனைவிக்கு முன்னால், அவளைப் பார்க்க வந்த ஒருவர் பத்து லட்சம் குறைத்துவிட்டுப் போனது எனக்குத் தாங்கவில்லை. அவளும் அவர் பக்கம் பேசினாள். அவர் மாதச் சம்பளக்காரர். முதல் தேதி வந்தால் காசு. அவருக்கு விற்கிற விலை என்றால் என்ன தெரியும்?

அன்று மாலையே தில்லைநகரில் எனக்குத் தெரிந்த ஓர் ஏஜென்டிடம் போனேன். அவர் வேறு கம்பெனி. "குடோனுக்குத் தனிப் பாலிசியா போட்டுடலாம் அண்ணே. ஐம்பது என்ன, அறுபது போடுங்க. உங்க சரக்கு, உங்க மதிப்பு" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். இப்படி ஒருத்தர் பேசிக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று இருந்தது. விண்ணப்பத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

என் மனைவி இரண்டாவது கடிதத்தை எழுதி முடித்திருந்தாள். கடை விலாசம், அதற்குப் பழைய நாற்பது லட்சம் அப்படியே. குடோன் விலாசம், அதற்குத் தனியாக நாற்பது லட்சம். சுவர், கூரை, பக்கத்துப் பட்டறை விவரம். இதுவரை சேதம் எதுவும் இல்லை என்று ஒரு வரி.

"கையெழுத்துப் போடுங்க."

"நான் வேற இடத்துல பேசியிருக்கேன். அங்க அறுபதுக்குக் கூடத் தர்றாங்க."

அவள் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தாள். "அறுபதுக்குப் பிரீமியம் கட்டி, நாப்பது வாங்கறதா?"

"அவர் சொன்னா எல்லாம் சரியா?"

"எவர்?"

அவள் பேனாவை மூடி வைத்தாள். தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவே இல்லை.

"இங்க பாருங்க" என்றாள் கடைசியில். "அவர் எங்க வீட்டுக்கு வந்தப்போ நான் ஒரு தட்டுல பஜ்ஜி கொண்டுபோய் வச்சேன். தலையைக் குனிஞ்சுட்டு இருந்தேன். அவர் செருப்பைத்தான் பாத்தேன். முகத்தையே போட்டோவுலதான் பாத்திருக்கேன். உங்ககூட இத்தனை வருஷமா கல்லாவுல பக்கத்துல உக்காந்திருக்கேன். எதுக்கு எதோட சண்டை?"

நல்ல பதில்தான். எந்தக் கணவனுக்கும் போதுமான பதில். ஆனால் 'போட்டோவுலதான் பாத்திருக்கேன்' என்றாளே, அந்தப் போட்டோ எங்கே போயிற்று என்று என் மனம் அங்கே ஓடிவிட்டது. இத்தனை வருஷம் கழித்து முகத்தை எப்படி அடையாளம் கண்டாள்? கேட்கவில்லை. கையெழுத்தை மட்டும் போட்டேன்.

இரண்டு நாளில் மீதி மாதங்களுக்கான கூடுதல் பிரீமியம் எவ்வளவு என்று கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. பணம் வந்து சேர்ந்த பிறகுதான் குடோன் பாலிசிக்குள் வரும் என்று அதில் எழுதியிருந்தது. அதோடு அவர் தனியாக ஒரு வரி: 'இன்றே கட்டிவிடுவது நல்லது மேடம்.' கட்டலாம், நாளைக்குக் கட்டலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் போனில் கட்டிவிட்டாள். குடோனைப் பாலிசியில் சேர்த்ததற்கான ஆவணம் மின்னஞ்சலில் வந்தது. இரண்டு விலாசம், இரண்டு தொகை, வங்கியின் பேர். அவள் அச்செடுத்துக் கோப்பில் வைத்தாள். 'நன்றி சார்' என்று அவருக்குப் பதில் போட்டாள். அதற்கு அவர் கைகூப்புகிற படம் ஒன்றை அனுப்பினார். அவள் குளிக்கப் போயிருந்தபோது அதை நான் பார்த்தேன். வெறும் கைகூப்புதான். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மரப்பலகை வேலையையும் அவளே ஆள் வைத்து முடித்தாள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

தீபாவளிக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது மழை பிடித்தது. முதல் நாள் நல்ல மழை என்றார்கள், மறுநாள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. விடிந்ததும் பட்டறைக்காரர் போன் செய்தார். "அண்ணே, சாக்கடை வாய்க்கால் பொங்கி ரோட்டுத் தண்ணி உங்க குடோனுக்குள்ள போகுது."

நாங்கள் போனபோது முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நின்றது. பலகை மேல் இருந்த வரிசைகளில் அடிப்பெட்டிகள் மட்டும் நனைந்திருந்தன. கடைசியாக வந்த சரக்கைப் பலகை போதாமல் குடோனுக்குள் நடக்கிற வழியில் அப்படியே இறக்கி வைத்திருந்தோம். அது முழுக்கப் போயிற்று. குழந்தைகள் உடுப்பு. அட்டைப்பெட்டி ஊறிப் பிளந்து சின்னச் சின்னக் கவுன்கள் சாக்கடைத் தண்ணீரில் மிதந்தன. என் மனைவி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நடுவில் நின்றாள். அழவில்லை. போனை எடுத்தாள்.

அவரைக் கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தேன். அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு, அவ்வளவு நஷ்டத்துக்கு நடுவில், நான் நினைத்தது அதைத்தான். அவள் பாலிசியில் அச்சடித்திருந்த பொது நம்பரைக் கூப்பிட்டு, பாலிசி எண்ணைச் சொல்லி, வெள்ளச் சேதத்தைப் பதிவு செய்தாள். படம் எடுத்தாள். காய்ந்த பெட்டிகளைக் கடைக்கு ஏற்ற ஆள் சொன்னாள். நனைந்ததை எதையும் தூக்கிப் போட வேண்டாம், சர்வேயர் பார்க்கட்டும் என்றாள்.

மறுநாள் சர்வேயர் வந்தார். நஷ்டத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பியவர், ஆனால் கம்பெனி ஆள் இல்லை. சிரிக்காத, வயதான மனிதர். ஒவ்வொரு பெட்டியையும் திறக்கச் சொல்லி எண்ணினார், பில்லோடு ஒத்துப் பார்த்தார். "டேக் விலை வேணாம், வாங்கின பில்லைக் குடுங்க" என்று அவரும் சொன்னார். இன்சூரன்ஸ் அதிகாரி வரவே இல்லை. ஒரு போன்கூட இல்லை. வந்திருந்தால் எனக்கு எரிந்திருக்கும். வராததும் எரிந்தது. இவ்வளவு தெரிந்தவர், ஒரு வார்த்தை விசாரிக்கக் கூடாதா?

அதையும் மனைவியிடம் சொன்னேன். அவள் வியந்து போனாள். "வரலைன்னா உங்களுக்கு நல்லதுதானே?" என்று மட்டும் கேட்டாள்.

நனைந்ததில் கொஞ்சத்தைத் துவைத்துக் காயவைத்துக் கிடைத்த விலைக்கு விற்றோம். அந்தத் தொகையையும், பாலிசிப்படி நாங்களே ஏற்க வேண்டிய பங்கையும் கழித்துக்கொண்டு, மீதி கிளெய்ம் தீபாவளி முடிந்து சில வாரங்களில் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது. முதல் கடிதம் அப்படியே போயிருந்தால் அந்தக் குடோனுக்கு ஒரு ரூபாய் வந்திருக்காது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தில்லைநகர் ஏஜென்டைப் பார்த்தால் மட்டும் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவேன்.

மார்கழியில், வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் ஊரை நிறைத்திருந்தபோது, அவர் கடைக்கு வந்தார். கூட மனைவி. கோயிலுக்கு வந்தோம், அப்படியே ஒரு சேலை பார்க்கலாம் என்று வந்தோம் என்றார். நான் வாங்க வாங்க என்று எழுந்தேன். காபி சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். கழிவு தருகிறேன் என்றேன். "அது மட்டும் வேணாம் சார், எங்க ஆபீஸ் பாலிசிக்காரர் நீங்க. போட்டிருக்கிற விலைக்கே குடுங்க" என்றார். கல்லாவில் இருந்த என் மனைவி எழுந்து வந்து வணக்கம் சொன்னாள். அவரும் வணக்கம் சொன்னார். அப்பா எப்படி இருக்கிறார் என்று மறுபடியும் கேட்டார். அதற்கு மேல் அவர்களுக்குப் பேச ஒன்றும் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. அவர் போய் வாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்தார்.

நான் அவர் மனைவிக்குச் சேலை விரித்துக் காட்டினேன். நல்ல நிறமான பெண்மணி, என் மனைவியைவிடச் சின்னவர். ஒவ்வொரு சேலையாக விரிக்கிறேன், அவர் சேலையைப் பார்க்கவில்லை. கல்லாவில் பில் போட்டுக்கொண்டிருந்த என் மனைவியைப் பார்த்தார். அவள் கழுத்தை, கையிலிருந்த வளையலை, பேனா பிடித்திருந்த விதத்தை. பிறகு என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. நான் அதே பார்வையோடுதான் ஆவணியிலிருந்து நடமாடிக்கொண்டிருந்தேன்.

"அவங்கதானே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

"போட்டோவுல பாத்ததைவிட நல்லா இருக்காங்க."

அங்கேயும் ஒரு போட்டோ இருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு எதையாவது சொல்லித் தேற்ற வேண்டும் போல இருந்தது, ஆனால் என்னையே தேற்ற எனக்குத் தெரிந்திருக்கவில்லை. "இந்த மயில் கழுத்துப் பச்சை உங்களுக்கு ரொம்ப நல்லா இருக்கும்மா. கண்ணாடிகிட்ட வந்து வச்சுப் பாருங்க" என்றேன். வியாபாரத்துக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே நன்றாக இருந்தது. அவர் தோளில் போட்டுப் பார்த்தார். வாசலில் நின்ற கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். "நல்லா இருக்கு" என்று அவர் உள்ளே ஓர் எட்டு வைத்துச் சொன்னதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதையே எடுத்துக்கொண்டார்.

அவர்கள் போனபிறகு கூட்டம் குறையவில்லை. கடை அடைத்து வீட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்போது என் மனைவி கேட்டாள்.

"அந்தம்மா ஏங்க என்னையே அப்படிப் பாத்துட்டு இருந்தாங்க?"

"தெரியலையே" என்றேன்.